சொத்தோடு சேர்த்து வர்க்கமூலம்: ஒரு பந்தயத்தின் உறுதிச் சமமதிப்பைக் கணக்கிடும் வழி

உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டுவார்கள். பூ விழுந்தால் 8,00,000 ரூபாய் உங்களுக்கு, தலை விழுந்தால் ஒன்றுமில்லை. சுண்டுவதற்கு முன்பே ஒருவர் வந்து, "அந்தச் சீட்டை எனக்குக் கொடுத்துவிடுங்கள், ரொக்கமாகத் தருகிறேன்" என்கிறார். எவ்வளவு தந்தால் கொடுப்பீர்கள்?

சராசரி என்று பார்த்தால் சீட்டின் மதிப்பு 4,00,000. ஆனால் 3,80,000 கையில் வைத்தாலே "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். பேரம் கீழே இறங்க இறங்க, ஓர் இடத்தில் சீட்டை வைத்துக்கொள்வதும் பணத்தை வாங்கிக்கொள்வதும் ஒன்றுதான் என்று தோன்றும். அந்தத் தொகைக்குத்தான் உறுதிச் சமமதிப்பு என்று பெயர். பாட வகுப்புகளில் இதை ‘சர்டன்ட்டி ஈக்விவலண்ட்’ என்பார்கள். சராசரிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ரிஸ்க் பிரீமியம். நிச்சயமின்மையிலிருந்து விடுபட எவ்வளவை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதை அது சொல்கிறது.

இந்த இரண்டையும் ஒருவருடைய மனநிலையைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றில்லை. அவருக்குப் பணத்தின் பயன்பாடு எப்படி ஏறுகிறது என்று ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டால் கணக்காகவே போட்டுவிடலாம். மிக எளிய சூத்திரம் வர்க்கமூலம்:

```
u(W) = √W
```

இங்கே W என்பது கையில் இருக்கும் மொத்தச் சொத்து. சொத்து 4 மடங்கானால் பயன்பாடு 2 மடங்குதான் ஆகும். பள்ளிப் பொருளியல் புத்தகத்தில் படித்த ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’யின் கணித வடிவம் இது, அவ்வளவுதான்.

சுண்டலுக்குப் பிறகு கையில் என்ன இருக்கும்

சீட்டு வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே 6,40,000 ரூபாய் சொத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, பரிசுத் தொகையை மறந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கையில் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று எழுதுவது. பூ விழுந்தால் 14,40,000. தலை விழுந்தால் 6,40,000. இரண்டுக்கும் வாய்ப்பு பாதிப் பாதி.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம். கேள்வியில் ‘8 லட்சம், அல்லது பூஜ்யம்’ என்று இருந்தவுடன் கை நேரே √8,00,000 போடப் போய்விடும். அப்படிப் போட்டால் சராசரிப் பயன்பாடு 447.2, அதை வர்க்கப்படுத்தினால் 2,00,000. அதாவது சீட்டை இரண்டு லட்சத்துக்கே கொடுத்துவிடலாம் என்று விடை வரும். கணக்கில் கூட்டல் பெருக்கல் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது சல்லிக்காசு சொத்தில்லாத ஒருவருடைய விடை. அவருக்கு இந்தச் சீட்டுதான் உலகம். நம்முடைய ஆளிடம் தலை விழுந்தாலும் 6,40,000 மிச்சம் இருக்கிறது, அவர் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

பந்தயத்தில் இழப்பும் இருந்தால் இந்தத் தவறு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது. வெறும் லாபம் மட்டும் உள்ள பந்தயத்தில்தான் அது சத்தமில்லாமல் நுழையும். இத்தனைக்கும் வர்க்கமூலத்தை முதலில் இந்த வேலைக்குக் கொண்டுவந்தவரே பரிசுத் தொகைக்கு மட்டும்தான் அதைப் போட்டார். ஜெனிவாவைச் சேர்ந்த கணிதவியலாளர் கேப்ரியல் கிராமர், 1728இல் நிக்கோலஸ் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த யோசனையைச் சொன்னார். பிளஸ் டூ கணக்கில் ‘கிராமர் விதி’ என்று அணிக்கோவை வைத்துச் சமன்பாடு தீர்த்தோமே, அதே கிராமர்தான். மொத்தச் சொத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னது, பத்தாண்டு கழித்து 1738இல் கட்டுரை வெளியிட்ட டேனியல் பெர்னூலி. அவர் கட்டுரையிலிருந்து ஒரு கப்பல் கணக்கைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

பயன்பாட்டுக்குப் போய்த் திரும்பி வருதல்

இப்போது இரண்டு இறுதிச் சொத்துகளுக்கும் வர்க்கமூலம் எடுங்கள். √14,40,000 = 1,200. √6,40,000 = 800. வாய்ப்புகளால் பெருக்கிக் கூட்டினால் சராசரிப் பயன்பாடு 1,000.

இந்த 1,000 ரூபாய் அல்ல. பயன்பாட்டின் அலகு எதுவோ அதில் 1,000. இதை ரூபாய்க்குக் கொண்டுவர ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எவ்வளவு சொத்து நிச்சயமாக இருந்தால் பயன்பாடு 1,000 வரும்? வர்க்கமூலத்தைப் புரட்டிப்போடுவது வர்க்கம், ஆகவே 1,000 × 1,000 = 10,00,000.

பத்து லட்சம் என்பது சொத்து முழுவதற்குமான உறுதிச் சமமதிப்பு. சீட்டுக்கு உரிய மதிப்பு வேண்டுமென்றால் ஏற்கெனவே இருந்த 6,40,000ஐக் கழிக்க வேண்டும். மீதி 3,60,000. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: 3,60,000க்கு மேல் எவ்வளவு தந்தாலும் கொடுத்துவிடலாம், கீழே என்றால் சுண்டிப் பார்த்துவிடலாம். சில பாடங்கள் 10,00,000ஐயே உறுதிச் சமமதிப்பு என்று சொல்லும், சில 3,60,000ஐச் சொல்லும். எதைக் கேட்கிறார்கள் என்று கேள்வியை ஒருமுறை கூடுதலாகப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

ரிஸ்க் பிரீமியத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. சொத்தின் சராசரி 10,40,000, அதில் 10,00,000 போனால் 40,000. சீட்டின் சராசரி 4,00,000, அதில் 3,60,000 போனாலும் 40,000. இரண்டு வழியிலும் ஒரே எண் வரவில்லை என்றால், ஒரு பக்கம் சொத்தைச் சேர்த்தும் மறுபக்கம் சேர்க்காமலும் கழித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விரிதாளில் போடுவதானால், A2, A3 கட்டங்களில் வாய்ப்புகளையும் B2, B3 கட்டங்களில் இறுதிச் சொத்துகளையும் வைத்துக்கொண்டு இந்த இரண்டு வரிகளைத் தட்டுங்கள். முதல் வரி சொத்தின் உறுதிச் சமமதிப்பைத் தரும், இரண்டாவது ரிஸ்க் பிரீமியத்தைத் தரும்.

```
=SUMPRODUCT(A2:A3,SQRT(B2:B3))^2
=SUMPRODUCT(A2:A3,B2:B3)-SUMPRODUCT(A2:A3,SQRT(B2:B3))^2
```

ரூபாயில் போட்டாலும் லட்சத்தில் போட்டாலும் விடை மாறாது. லட்சத்தில் போட்டால் 14.4க்கும் 6.4க்கும் வர்க்கமூலம் 3.795, 2.530 என்று வரும், சராசரி 3.162, வர்க்கம் 10. அதே பத்து லட்சம். ஒரே ஒரு நிபந்தனை, சொத்தும் பரிசும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி

வர்க்கமூலப் பயன்பாட்டுக்கு மட்டும் உரிய ஓர் அழகான விஷயம் இருக்கிறது. வகுப்பில் யாரும் சொல்லித் தராததால் இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ரிஸ்க் பிரீமியம் என்பது ‘W இன் சராசரி’யிலிருந்து ‘√W இன் சராசரியின் வர்க்க’த்தைக் கழித்தது. W என்பது √W இன் வர்க்கம்தானே? அப்படியானால் இது ‘வர்க்கங்களின் சராசரி கழித்தல் சராசரியின் வர்க்கம்’. புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழகிய முகம்: விலக்க வர்க்கச் சராசரி. ஆக, பயன்பாட்டு எண்கள் தங்களுக்குள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றனவோ அந்தச் சிதறலின் அளவே ரூபாயில் ரிஸ்க் பிரீமியம்.

நம் கணக்கில் பயன்பாடுகள் 1,200, 800. சராசரி 1,000இலிருந்து இரண்டும் 200 தள்ளி நிற்கின்றன. 200 × 200 = 40,000. ஒரே வரியில் முடிந்துவிட்டது. இரண்டே விளைவுகள் உள்ள பந்தயத்தில், வாய்ப்பு p என்றால், p(1−p)ஐ இரண்டு பயன்பாடுகளின் வித்தியாசத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். இந்த அளவு ஒருபோதும் குறை எண்ணாக வராது. ஆகவே உங்கள் ரிஸ்க் பிரீமியம் குறை எண்ணாக வந்தால் எங்கேயோ தட்டுப்பிழை இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம்.

இதே குறுக்குவழி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அதே சீட்டு, ஆனால் வைத்திருப்பவரிடம் 36,10,000 இருக்கிறது என்போம். இறுதிச் சொத்துகள் 44,10,000, 36,10,000. வர்க்கமூலங்கள் 2,100, 1,900. வித்தியாசம் 200, பாதி 100, வர்க்கம் 10,000. ரிஸ்க் பிரீமியம் 40,000இலிருந்து 10,000 ஆகிவிட்டது. சீட்டை இவர் 3,90,000க்குக் குறைந்து கொடுக்க மாட்டார். சீட்டில் எதுவும் மாறவில்லை. வர்க்கமூலக் கோடு மேலே போகப் போகத் தட்டையாகிறது, அதனால் அதே எட்டு லட்ச இடைவெளி பயன்பாட்டில் சின்னதாகத் தெரிகிறது.

விற்கும் விலையும் வாங்கும் விலையும் ஒன்றல்ல

3,60,000 என்பது சீட்டு ஏற்கெனவே கையில் இருப்பவர் அதை விட்டுக்கொடுக்கும் விலை. அதே 6,40,000 சொத்துள்ள ஆளிடம் சீட்டு இல்லை, கடையில் போய் வாங்க வேண்டும் என்றால் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார்? அதே 3,60,000 என்றுதான் தோன்றும். போட்டுப் பார்ப்போம்.

விலை b என்றால், வாங்கிய பிறகு அவர் சொத்து 14,40,000 − b அல்லது 6,40,000 − b. இவற்றின் சராசரிப் பயன்பாடு, வாங்காமல் இருந்தால் உள்ள √6,40,000 = 800க்குச் சமமாக வேண்டும். இரண்டு வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகை 1,600. அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் b எதுவானாலும் 8,00,000. ஆகவே வர்க்கமூலங்களின் வித்தியாசம் 8,00,000 ÷ 1,600 = 500. கூட்டினால் 1,600, கழித்தால் 500 என்றால் அவை 1,050, 550. 550இன் வர்க்கம் 3,02,500. 6,40,000இல் அது போக மீதி 3,37,500.

விற்கும் விலையைவிட 22,500 குறைவு. காரணம் எளிது: காசைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் அந்த நேரத்தில் கொஞ்சம் ஏழை, ஆகவே கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார். தேர்வில் ‘அதிகபட்சம் எவ்வளவு கொடுத்து வாங்குவார்’ என்று கேட்டிருந்தால் உறுதிச் சமமதிப்பை எழுதிவிட்டு வராதீர்கள்.

பெர்னூலியின் கப்பல்

இனி 1738ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் போவோம். கேயஸ் என்ற பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். கப்பல் வந்து சேர்ந்தால் சரக்கு 10,000 ரூபிளுக்கு விலைபோகும். அந்தப் பருவத்தில் நூறு கப்பல் கிளம்பினால் ஐந்து மூழ்கிவிடும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள், அதற்குக் கீழே யாரும் இறங்கவில்லை. கேயஸிடம் வேறு எவ்வளவு சொத்து இருந்தால் காப்பீடு எடுக்காமல் விடலாம் என்பது பெர்னூலியின் கேள்வி. அவர் மடக்கைச் சார்பை வைத்துத் தீர்த்தார். நாம் வர்க்கமூலத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் தகராறு. காப்பீட்டு பிரீமியமும் ரிஸ்க் பிரீமியமும் வேறு வேறு. சராசரி இழப்பு 10,000இல் 5 சதவீதம், அதாவது 500. கேட்கும் 800இல் அந்த 500 போக மிஞ்சும் 300தான் நிச்சயமின்மையைத் தள்ளிவிடுவதற்கான விலை. கேயஸின் ரிஸ்க் பிரீமியம் 300க்கு மேல் என்றால் காப்பீடு எடுக்கலாம், கீழே என்றால் வேண்டாம்.

கேயஸிடம் வேறு சொத்து 400 ரூபிள் என்று எடுப்போம். வந்து சேர்ந்தால் 10,400, மூழ்கினால் 400. வர்க்கமூலங்கள் 101.980, 20. குறுக்குவழியில் 0.95 × 0.05 = 0.0475, வித்தியாசம் 81.980, அதன் வர்க்கம் சுமார் 6,721. பெருக்கினால் 319. இது 300ஐத் தாண்டுகிறது, காப்பீடு எடுக்கலாம். சொத்து 900 என்றால் வர்க்கமூலங்கள் 104.403, 30, வித்தியாசத்தின் வர்க்கம் சுமார் 5,536, ரிஸ்க் பிரீமியம் 263. இப்போது 800 கொடுப்பது நஷ்டம். இடையில் எங்கோ எல்லை இருக்கிறது. 520 போட்டால் 300ஐவிட இரண்டு ரூபிள் கூடுகிறது, 540 போட்டால் அரை ரூபிளுக்கும் குறைவாக இறங்கிவிடுகிறது. எல்லை சுமார் 537 ரூபிள்.

இந்த இடத்தில் தசமத்தைக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். சொத்து 540க்குச் சராசரிப் பயன்பாடு 98.693. இதை 98.7 என்று சுருக்கி வர்க்கப்படுத்தினால் விடை ஒரு ரூபிளுக்கு மேல் நகர்ந்துவிடும். எல்லைக்குப் பக்கத்தில் எடுக்கலாமா வேண்டாமா என்பதே அரை ரூபிள் வித்தியாசத்தில்தான் நிற்கிறது. கடைசி வரியில் மட்டும் முழுதாக்குங்கள்.

பெர்னூலிக்கு மடக்கையில் வந்த விடை 5,043 ரூபிள். நமக்கு வந்தது 537. இரண்டும் சரியான கணக்குகள்தான். சொத்து பூஜ்யத்தை நெருங்கும்போது மடக்கை அதலபாதாளத்துக்குப் போய்விடும், வர்க்கமூலம் வெறும் பூஜ்யத்தில் நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் இழப்பது மடக்கைக்காரருக்குப் பேரழிவு, வர்க்கமூலக்காரருக்குப் பெரிய அடி மட்டும்தான். வர்க்கமூலம் துணிச்சலான ஆளின் சார்பு. பாடத்தில் அதை அதிகம் பார்க்கிறோமென்றால் அதற்குக் காரணம் கையால் போட வசதியாக இருப்பதுதான். மனிதர்கள் உண்மையில் அப்படித்தான் நடக்கிறார்கள் என்று யாரும் நிரூபித்ததால் அல்ல.

தோராயச் சூத்திரத்தை எப்போது நம்பலாம்

ஜான் ப்ராட் 1964இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரும் தோராய முறை ஒன்று புத்தகங்களில் இருக்கும். வர்க்கமூலப் பயன்பாட்டுக்கு அது இப்படிச் சுருங்கும்: ரூபாயில் உள்ள விலக்க வர்க்கச் சராசரியை, சராசரிச் சொத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 36,10,000 வைத்திருந்தவருக்கு இது 9,975 தருகிறது, உண்மை 10,000. பிரமாதம். 6,40,000 வைத்திருந்தவருக்கு 38,462, உண்மை 40,000. பரவாயில்லை. சரக்கைத் தவிர ஒரு ரூபிளும் இல்லாத கேயஸுக்குப் போட்டுப் பாருங்கள்: சூத்திரம் 125 என்கிறது, உண்மையான ரிஸ்க் பிரீமியம் 475. சூத்திரத்தை நம்பினால் காப்பீடு வேண்டாம் என்று வரும். நேர்க்கணக்கில் காப்பீடு கட்டாயம். வாய்ப்பு சின்னது, இழப்போ சொத்து முழுவதும் என்ற வகைப் பந்தயத்தில் இந்தத் தோராயம் காலை வாரிவிடும். வர்க்கமூலத்தில் நேர்க்கணக்கே இரண்டு வரிதான் என்பதால் இங்கே தோராயத்துக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை.

கடைசியாகக் காப்பீடு விற்பவரின் பக்கம். 800 வாங்கிக்கொண்டு இந்த ஆபத்தை ஏற்க அவரிடம் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்றும் பெர்னூலி கேட்டார். விற்பவரின் சொத்து s என்றால், கப்பல் வந்தால் s + 800, மூழ்கினால் s − 9,200. புதிதாகச் சமன்பாடு தீர்க்க உட்கார வேண்டாம். s − 9,200 இருக்கும் இடத்தில் கேயஸின் சொத்தைப் போட்டுப் பாருங்கள்: s + 800 என்பது கேயஸின் சொத்தோடு 10,000, s என்பது கேயஸின் சொத்தோடு 9,200. கேயஸின் சமன்பாடேதான். ஆகவே வர்க்கமூலத்தில் விடை 537 + 9,200 = 9,737 ரூபிள். மடக்கையில் 5,043 + 9,200 = 14,243, பெர்னூலியின் கட்டுரையில் இருப்பதும் அதுதான்.